பெரிய கேமரா ஏற்றியதும் திணறும் ஹெக்ஸாகாப்டர்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சிறிய கேமராவோடு அடக்கமாகப் பறந்துகொண்டிருந்த ஹெக்ஸாகாப்டர் என்ற ஆறு மோட்டார் ட்ரோன், பெரிய கேமராவையும் இரண்டாவது பேட்டரியையும் ஏற்றியதும் குணம் மாறிவிடும். எழும்பும், நிற்கும், படமும் எடுக்கும். ஆனால் மோட்டாரின் ஓசை கனத்திருக்கும், காற்று ஒரு தள்ளு தள்ளினால் ஒரு பக்கம் தணிந்து மீளும், இறங்கியபின் தொட்டுப் பார்த்தால் ஒரு மோட்டார் சுடும். இந்த நிலையில் பலர் முதலில் வாங்குவது பெரிய ப்ரொப்பெல்லர். அதுவே சில வேளைகளில் நோயைவிடக் கொடிய மருந்தாகிவிடுகிறது.

இந்தக் குறிப்பு முழுவதும் ஒரே வாகனத்தை எடுத்துக்கொள்கிறேன். நான் கட்டிப் பறக்கவிட்ட ஹெக்ஸாகாப்டர் அது. எதிரெதிர் மோட்டார்களுக்கு இடையே 900 மில்லிமீட்டர். 41 மில்லிமீட்டர் அகலமும் 14 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஸ்டேட்டர் கொண்ட 400 கேவி மோட்டார்கள் ஆறு; கேவி என்பது சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்தில் சுழலும் சுற்றுகளின் எண்ணிக்கை. 15 அங்குலக் கார்பன் ப்ரொப்பெல்லர்கள். 6 செல் லைப்போ பேட்டரி. டிஜேஐ நிறுவனத்தின் எஸ்900 மாதிரியும் ஏறக்குறைய இதே அமைப்புதான். அதற்கு நிறுவனம் கொடுத்த எடை வரம்பு 8.2 கிலோ, 6.8 கிலோ எடையில் அந்தரத்தில் நிற்க 1000 வாட் என்பதும் அவர்கள் வெளியிட்ட கணக்கு. இந்த இரண்டு எண்களும் அளவுகோலாகப் பயன்படும் என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

என் வாகனம் முதலில் 6.5 கிலோ. சட்டகம், மோட்டார், மின்னணு எல்லாம் சேர்ந்து 3.6 கிலோ, ஒரு பேட்டரி 1.35 கிலோ, கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலும் சிறிய கேமராவும் 1.55 கிலோ. பிறகு கேமராவும் கிம்பலும் 2.3 கிலோவாக ஏறின. பறக்கும் நேரம் குறையாமலிருக்க இரண்டாவது பேட்டரியும் வந்தது. மொத்தம் 8.6 கிலோ. எஸ்900 வரம்பையே தாண்டிவிட்ட இந்த எடையில்தான் கீழே சொல்லும் அறிகுறிகள் பெரும்பாலும் தோன்றின.

## எதையும் மாற்றுவதற்கு முன் அளக்க வேண்டியவை

வாகனத்தைப் பறக்கும் நிலையில், அதாவது பேட்டரி, கேமரா, லென்ஸ், மெமரி கார்டு வரை மாட்டி, தராசில் நிறுத்தி எடை பார்க்க வேண்டும். உதிரிப் பாகங்களின் எடையைக் காகிதத்தில் கூட்டிப் பெறும் தொகை எப்போதும் குறைவாகவே வரும். கம்பிகளும் திருகுகளும் எடை இல்லாதவை என்று நாம் நம்புவதே காரணம்.

அடுத்து, காற்று அடங்கிய காலை நேரத்தில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் நிறுத்திப் பறக்கவிட்டு லாக் எடுக்க வேண்டும். பறப்பைக் கட்டுப்படுத்தும் மென்பொருளாக ஆர்டுபைலட் பயன்படுத்துவோர் பார்க்க வேண்டியவை இவை:

```
CTUN.ThO          த்ராட்டில் வெளியீடு (0 முதல் 1 வரை)
RCOU.C1 ... C6    ஒவ்வொரு மோட்டாருக்கும் போகும் கட்டளை
BAT.Volt, BAT.Curr
MOT_THST_HOVER    பறந்து கற்றுக்கொண்ட ஹோவர் த்ராட்டில்
```

உந்துவிசை வளைவைச் சரிசெய்யும் MOT_THST_EXPO ஓரளவு பொருத்தமாக அமைந்திருந்தால், அந்தரத்தில் நிற்கத் தேவைப்படும் ஹோவர் த்ராட்டிலின் தலைகீழ் எண்ணே உந்துவிசைக்கும் எடைக்கும் உள்ள விகிதம். 0.50 என்றால் விகிதம் 2, 0.60 என்றால் 1.67. ஒரு எச்சரிக்கை: MOT_THST_HOVER தானாகக் கற்கும்போது 0.6875-க்கு மேல் ஏறாது. அந்த எண்ணே அப்படியே நிற்கிறது என்றால் உண்மை நிலை அதைவிட மோசமாக இருக்கலாம், அப்போது CTUN.ThO-வைத்தான் நம்ப வேண்டும்.

## அறிகுறி: அந்தரத்தில் நிற்கவே த்ராட்டில் 0.55-ஐத் தாண்டுகிறது

இது உந்துவிசைப் பற்றாக்குறையின் நேரடி அடையாளம். 8.6 கிலோவை ஆறு மோட்டார்கள் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் 1.43 கிலோ தூக்குகிறது. 400 கேவி மோட்டார் 15 அங்குல ப்ரொப்பெல்லரோடு 22.2 வோல்ட்டில் முழு த்ராட்டிலில் என் மேசைச் சோதனையில் சுமார் 2.6 கிலோ தந்தது. ஆறுக்கும் சேர்த்து 15.6 கிலோ, விகிதம் 1.8. லாக்கில் 0.55 தெரிந்ததற்கும் இந்தக் கணக்குக்கும் வேறுபாடில்லை. ஆக, இங்கே ட்யூனிங்கைத் தொட்டுப் பயனில்லை.

விகிதம் 2 ஏன் வேண்டும் என்பதற்கு ஹெக்ஸாகாப்டருக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. பறக்கும்போது ஒரு மோட்டார் நின்றுவிட்டால், சாய்ந்து விழாமல் இருக்க அதற்கு நேரெதிரே உள்ள மோட்டாரும் ஏறக்குறைய ஓய்ந்துவிட வேண்டும். மிச்சமுள்ள நான்கும் முழு எடையைச் சுமக்க வேண்டியிருப்பதால் ஒவ்வொன்றின் சுமையும் ஒன்றரை மடங்காகும். விகிதம் 2 என்றால் அந்த நான்கிடமும் இன்னும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும். 1.65 என்றால் பத்தில் ஒரு பங்குதான். சாய்வைத் திருத்த அது போதாது. விகிதம் 2 இருந்தாலும் அந்த நிலையில் தலை திரும்பும் திசை கையில் நிற்காமல் வாகனம் சுழலக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தாலும், கேமராவோடு சுழன்றபடி தரையிறங்குவதற்கும் கல்லாக விழுவதற்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது.

தீர்வைத் தேடும்போது வரிசை முக்கியம். எடையும் சட்டகமும் ப்ரொப்பெல்லரை முடிவு செய்கின்றன. ப்ரொப்பெல்லர் சுற்று வேகத்தை முடிவு செய்கிறது. சுற்று வேகமும் பேட்டரி வோல்ட்டும் சேர்ந்து கேவியை முடிவு செய்கின்றன. ப்ரொப்பெல்லரைச் சுழற்றத் தேவையான முறுக்குவிசை ஸ்டேட்டரின் அளவை முடிவு செய்கிறது. கடைசியிலிருந்து தொடங்கி, கிடைத்த மோட்டாருக்கு ப்ரொப்பெல்லர் தேடுவதுதான் பெரும்பாலான பொருத்தமின்மைக்கு வேர்.

சட்டகம் எவ்வளவு பெரிய ப்ரொப்பெல்லரை அனுமதிக்கும் என்பதற்கு அறுகோணம் எளிய விடை தருகிறது. ஒழுங்கான அறுகோணத்தில் பக்கமும் ஆரமும் சமம் என்பதால், 900 மில்லிமீட்டர் சட்டகத்தில் அடுத்தடுத்த மோட்டார்களுக்கு இடையே 450 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. 18 அங்குலம் 457 மில்லிமீட்டர் ஆதலால் முனைகள் மோதும். 17 அங்குலம் 432 மில்லிமீட்டர். 18 மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்சும். அதுவே இந்தச் சட்டகத்தின் எல்லை. 18 அங்குலம்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு கையையும் 30 மில்லிமீட்டர் நீட்ட வேண்டும்; நீண்ட கை கூடுதலாக அதிரும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

17×5.8 ப்ரொப்பெல்லரும் அதற்கேற்ற சற்றே பெரிய மோட்டாரும் 200 கிராம் கூட்டின. ஆகவே கணக்கை 8.8 கிலோவுக்குப் போட வேண்டும். ஒரு மோட்டாருக்கு 1.47 கிலோ. இந்த உந்துவிசைக்கு 17 அங்குல ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்குச் சுமார் 3440 சுற்று சுழல வேண்டும். இதை ப்ரொப்பெல்லர் அட்டவணையிலிருந்து எடுப்பதே நல்லது. உந்துவிசை சுற்று வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதால், இரு மடங்கு உந்துவிசைக்கு வேகம் 1.414 மடங்கு ஆக வேண்டும். அது 4860 சுற்று. இந்த வேகம் பேட்டரி தணிந்த நேரத்திலும் கிடைக்க வேண்டும் என்பதால் 25.2 வோல்ட்டையோ 22.2 வோல்ட்டையோ எடுக்காமல் 21 வோல்ட்டை எடுக்கிறேன். சுமையோடு சுழலும் மோட்டார், கேவியையும் வோல்ட்டையும் பெருக்கினால் வரும் வெற்று வேகத்தை எட்டாது. என் பழைய மோட்டார் அதில் 68 விழுக்காடுதான் எட்டியது. ஸ்டேட்டர் பெரிதானால் 75-ஐயும் தாண்டும். இங்கே 72 என்று வைத்தேன்.

```
கேவி = முழு வேகம் / (தணிந்த வோல்ட் × 0.72)
     = 4860 / (21 × 0.72)
     = 321
```

கடையில் கிடைப்பது 320; பக்கத்தில் 340-உம் இருக்கும். எடை இனி கூடாது என்றால் 320 போதும்.

## அறிகுறி: ஹோவர் த்ராட்டில் அழகாக இருக்கிறது, மோட்டார் மட்டும் சுடுகிறது

நான் முதலில் செய்த தவறு இதுதான். புதிய மோட்டார் வருவதற்குள் 17 அங்குல ப்ரொப்பெல்லரைப் பழைய 400 கேவி மோட்டாரிலேயே மாட்டினேன். ஹோவர் த்ராட்டில் 0.55-இலிருந்து 0.41-க்கு இறங்கியது. ஓசை அடங்கியது. மோட்டாரை மாற்றவே வேண்டாமோ என்றுகூடத் தோன்றியது. மாலையில் காற்றடித்த இடத்தில் பத்து நிமிடம் பறந்து இறங்கியபோது, முன்பக்க மோட்டார் ஒன்றின்மேல் விரலை இரண்டு நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை; அருகில் போனால் வார்னிஷ் கருகும் மெல்லிய வாடை வந்தது.

காரணம் எளியது. அதே சுற்று வேகத்தில் 17 அங்குலம், 15 அங்குலத்தைவிட 1.65 மடங்கு உந்துவிசை தரும். ஆனால் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கோடு ஏறும் திறன் 1.87 மடங்கு கேட்கும். நிதானமாக நிற்கும்போது வேகம் குறைவதால் இது வெளியே தெரியாது. காற்று தள்ளும்போது பறப்புக் கட்டுப்படுத்தி முழு த்ராட்டில் கொடுக்கும். 400 கேவி மோட்டார் அந்தப் பெரிய ப்ரொப்பெல்லரைத் தன் வேகத்துக்கு இழுக்க முயலும். முழு த்ராட்டிலில் ஒரு மோட்டாருக்கு 800 வாட்டைத் தாண்டும் என்பது என் கணக்கு. இந்த அளவு மோட்டாருக்கு எஸ்900-இல் விதித்த உச்சம் 500 வாட். ஆகவே குறைந்த ஹோவர் த்ராட்டிலை மட்டும் பார்த்து மகிழக்கூடாது. அது மோட்டார் எவ்வளவு தூக்கும் என்பதைச் சொல்கிறதே தவிர, எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வதில்லை.

கண்டுபிடிக்க வழி: ஒரு மோட்டாரை உறுதியான தாங்கியில் பொருத்தி, வாட்மீட்டரை இடையில் இணைத்து, ஹோவர் த்ராட்டிலில் மூன்று நிமிடமும், பின் முழு த்ராட்டிலில் பத்தே நொடியும் ஓட்டிப் பார்க்க வேண்டும். சுழலும் தளத்துக்கு நேரே ஒருவரும் நிற்கக்கூடாது. 17 அங்குலக் கார்பன் இறக்கை உடைந்தால் கதவுப் பலகையையும் துளைக்கும். முழு த்ராட்டிலில் காட்டும் ஆம்பியர், மோட்டாருக்கோ அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.க்கோ விதித்த அளவைத் தாண்டினால் ப்ரொப்பெல்லர் பெரிது, அல்லது கேவி மிகை.

குறைந்த கேவி என்றால் அதிக முறுக்குவிசை என்ற நம்பிக்கையை இங்கே கொஞ்சம் திருத்த வேண்டும். ஒரே ஸ்டேட்டரில் சுற்றுகளை மாற்றிக் கேவியைக் குறைத்தால், ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை கூடும். ஆனால் கம்பி மெலிந்து நீள்வதால் தடையும் அதற்கேற்ப ஏறும். அதே முறுக்குவிசைக்குச் செம்பில் வீணாகும் வெப்பம் ஏறக்குறைய மாறாது. முறுக்குவிசையைத் தாங்குவது ஸ்டேட்டரின் பருமன். கேவி செய்வது மோட்டாரைப் பேட்டரியின் வோல்ட்டோடு பொருத்துவது மட்டுமே. நிதானமாக நிற்கும்போதே மோட்டார் சுட்டால் ஸ்டேட்டர் சிறிது. காற்றில் மட்டும் சுட்டால் பெரும்பாலும் கேவி மிகை.

புதிய மோட்டார் வரும்வரை பறந்தே ஆக வேண்டும் என்றால் பழைய 15 அங்குலத்துக்குத் திரும்பி எடையைக் குறைப்பதே பாதுகாப்பு. MOT_BAT_CURR_MAX வைத்து மின்னோட்டத்தைக் கட்டலாம் என்பார்கள். அது மொத்த ஆம்பியரைத்தான் பார்க்கிறது. ஒரே மோட்டார் தனியாக எரிவதை அது அறியாது.

## அறிகுறி: ஒன்றிரண்டு மோட்டார்கள் மட்டும் உச்சத்தில் ஓடுகின்றன

திரையில் இப்படி ஒரு செய்தி வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள்:

```
Potential Thrust Loss (3)
```

அடைப்புக்குறிக்குள் இருப்பது மிக அதிகமாக உழைக்கும் மோட்டாரின் எண். மோட்டார் கெட்டுவிட்டது என்று உடனே கழற்றிவிட வேண்டாம். லாக்கில் C1 முதல் C6 வரை ஹோவரின் சராசரியை எழுதி, அவை எந்த முறையில் பிரிகின்றன என்று பார்க்க வேண்டும். ஆர்டுபைலட்டின் எக்ஸ் வடிவ அமைப்பில் 3, 5 முன்பக்கம். 4, 6 பின்பக்கம். 1 வலம், 2 இடம். 1, 3, 6 கடிகாரத் திசையிலும் 2, 4, 5 எதிர்த் திசையிலும் சுழல்கின்றன.

எண்கள் முன்னும் பின்னுமாகப் பிரிந்தால், அதாவது 3, 5 உயர்ந்தும் 4, 6 தாழ்ந்தும் இருந்தால், குற்றம் கேமராவுடையது. என் வாகனத்தில் கனமான லென்ஸ் ஈர்ப்பு மையத்தை 40 மில்லிமீட்டர் முன்னே இழுத்திருந்தது. 8.6 கிலோவை 40 மில்லிமீட்டரால் பெருக்கினால் வரும் திருப்புவிசையை, நடுவிலிருந்து 390 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் உள்ள நான்கு மோட்டார்கள் ஈடுசெய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 220 கிராம். ஆகவே முன் மோட்டார்கள் 1.65 கிலோவும் பின் மோட்டார்கள் 1.21 கிலோவும் தூக்கின. மொத்த விகிதம் 1.8 என்று எழுதி வைத்திருந்தேன். பேட்டரி 21 வோல்ட்டுக்கு இறங்கும்போது ஒரு மோட்டாரின் உச்சம் 2.33 கிலோ ஆகிவிடுவதால், முன் மோட்டார்களின் சொந்த விகிதம் 1.41-ஆகத்தான் இருந்தது. முன்பக்க மோட்டார் மட்டும் சுட்டதன் மர்மம் இங்கே அவிழ்ந்தது.

திருத்தமும் கணக்கிலிருந்தே வருகிறது. 2.7 கிலோ பேட்டரிகளை 127 மில்லிமீட்டர் பின்னே தள்ளினால் மையம் நடுவுக்கு வரும். என் தட்டில் 90 மில்லிமீட்டர்தான் இடம் இருந்தது. மிச்சத்தைக் கிம்பலின் தொங்கு குழாயைப் பின்னே நகர்த்திச் சரிசெய்தேன். கிம்பல் குழாய்களின் நடுக்கோட்டில் இரு பக்கமும் விரலை வைத்துத் தூக்கிப் பார்த்தால் மூக்கு தணிகிறதா என்பது உடனே தெரியும். லென்ஸ் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும்.

எண்கள் சுழற்சித் திசையால் பிரிந்தால், அதாவது 1, 3, 6 மூன்றும் ஒருசேர உயர்ந்து 2, 4, 5 தாழ்ந்தால், எடைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஏதோ ஒரு கை திருகியிருக்கிறது. வட்டக் கார்பன் குழாய்கள் கவ்வியில் மெல்லச் சுழன்றுவிடும். கடினமாகத் தரையிறங்கிய ஒரே முறை போதும். மோட்டார் 2 டிகிரி சாய்ந்தால் அதன் 1.43 கிலோ உந்துவிசையில் சுமார் 50 கிராம் பக்கவாட்டில் தள்ளும். 50 கிராம்தானே என்று தோன்றும். ஆனால் அது 450 மில்லிமீட்டர் நீளக் கையின் நுனியில் தள்ளுவதால், ஒரு ப்ரொப்பெல்லரின் எதிர்முறுக்கில் ஏறக்குறைய பாதி அளவுக்கு வாகனத்தைத் திருப்பும். அதைச் சமன்செய்யவே மூன்று மோட்டார்கள் எந்நேரமும் கூடுதலாக ஓடுகின்றன. எதிரெதிர் ப்ரொப்பெல்லர்களைக் கைக்குக் குறுக்காகத் திருப்பி வைத்து, ஒரு முனையிலிருந்து கண்ணை ஓட்டினால் இரண்டு இறக்கைகளும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். கத்தரிக்கோல் போல விரிந்து தெரிந்தால் அந்தக் கைதான். கவ்வியைத் தளர்த்தி நேராக்கி, குழாயிலும் கவ்வியிலும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு இட்டுவிட்டால் அடுத்த முறை பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

எண்களில் ஒன்று மட்டும் தனியாக உயர்ந்திருந்தால் மட்டுமே அந்த மோட்டாரைச் சந்தேகிக்கலாம். அப்போதும் முதலில் ப்ரொப்பெல்லரைப் பாருங்கள். பெட்டியிலிருந்து எடுக்கும் அவசரத்தில் ஒரு 15×5-ஐ மற்றவற்றோடு கலந்து மாட்டியவர்களை நான் அறிவேன். பிறகு பேரிங், அதன் பிறகுதான் சுற்றுக்கம்பி.

## அறிகுறி: முதல் பாதி நன்றாக, பிற்பாதியில் தணிகிறது

பேட்டரி நிரம்பியபோது 25.2 வோல்ட், சுமையோடு இறங்க வேண்டிய நேரத்தில் 21. ஆறில் ஐந்து பங்கு. சுற்று வேகம் அதே அளவு குறையும். உந்துவிசை அதன் வர்க்கமாகக் குறைவதால் 30 விழுக்காடு போய்விடும். புறப்படும்போது விகிதம் 2 காட்டிய வாகனம் இறங்கும்போது 1.4-க்கு வந்துவிடும். கேவியைத் தணிந்த வோல்ட்டுக்குக் கணக்கிட வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

MOT_BAT_VOLT_MAX 25.2, MOT_BAT_VOLT_MIN 19.8 என்று அமைத்தால் வோல்ட் குறையக் குறையக் கட்டளையைக் கட்டுப்படுத்தியே கூட்டிக் கொடுக்கும். கையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் இல்லாத உந்துவிசையை அது உண்டாக்காது. பற்றாக்குறையை மறைத்து வைக்கும் என்றும் சொல்லலாம்.

இதே அறிகுறி மலைமேலும் வரும். சமவெளியின் வெயிலில் சரியாகப் பறந்த வாகனத்தை 2240 மீட்டர் உயரமுள்ள உதகைக்குக் கொண்டுபோனால் காற்றின் அடர்த்தி சுமார் 15 விழுக்காடு குறைவு. அதே எடைக்குச் சுற்று வேகம் 8 விழுக்காடு கூட வேண்டும். திறனும் அவ்வளவே கூடும். கீழே 0.55-இல் நின்றது மேலே 0.65-ஐ நெருங்கும். மலைப் படப்பிடிப்பு அடிக்கடி உண்டு என்பவர்கள் 320-க்குப் பதில் 340 கேவியை எடுத்துக்கொள்வது நியாயம்.

## அறிகுறி: பெரிய ப்ரொப்பெல்லர் மாட்டியபின் மெதுவாக ஊசலாடுகிறது

நொடிக்கு ஒன்றிரண்டு முறை, தொட்டில்போல் ஆடும் இந்த ஊசலுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. பிரித்தறிய மீண்டும் RCOU-தான் துணை. ஆட்டத்தின்போது கட்டளைகள் மேல் எல்லையை எட்டி அங்கேயே தட்டையாக நின்றால் மோட்டாரிடம் மிச்சம் இல்லை. கேவி குறைவு அல்லது எடை மிகை. கட்டளைகள் நடுவிலேயே ஏறி இறங்கி, எல்லையைத் தொடாமல் இருந்தால் மோட்டாரிடம் குறையில்லை. கனத்த இறக்கை வேகத்தை மாற்ற எடுக்கும் நேரத்துக்குப் பழைய ட்யூனிங் பொருந்தவில்லை. 17 அங்குலத்துக்கு MOT_THST_EXPO-வை 0.7 அளவிலும் INS_GYRO_FILTER-ஐ 20-க்கும் 40-க்கும் நடுவே, 20-க்கு அருகிலும் வைத்து, சாய்வு வேகத்தின் பி.ஐ.டி. மதிப்புகளைக் குறைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்க வேண்டும்.

நேராகக் கீழிறங்கும்போது மட்டும் ஆடினால் இரண்டும் இல்லை. வாகனம் தன் சொந்தக் காற்றுச் சுழலுக்குள் இறங்குகிறது. கொஞ்சம் முன்னே நகர்ந்தபடி மெதுவாக இறக்கினால் போதும்.

திடீரென்று த்ராட்டில் கொடுத்தபோது ஒரு மோட்டார் கிறீச்சென்று திக்கி நின்றுவிட்டால், அது இ.எஸ்.சி. மோட்டாரின் நிலையைத் தவறவிட்டதன் விளைவு. பெரிய ப்ரொப்பெல்லரோடு இது கூடுதலாக நேரும். மேசையில் 20-இலிருந்து 90 விழுக்காட்டுக்கு ஒரே தாவலாகக் கொடுத்துப் பார்த்து, அங்கே ஒருமுறை திக்கினாலும் அந்த இ.எஸ்.சி.யோடு பறக்கக்கூடாது.

## அறிகுறி: பறப்பு நன்று, படத்தில் மட்டும் அலை

15 அங்குலத்தில் ஹோவர் வேகம் நொடிக்கு 73 சுற்று. 17 அங்குலத்தில் 57. சமநிலை பிசகிய இறக்கையின் அதிர்வு இப்போது 57 ஹெர்ட்ஸில் வருகிறது. கிம்பலைத் தாங்கும் ரப்பர் பந்துகள் உயர்ந்த அதிர்வை நன்றாக வடிகட்டும். அதிர்வு தாழத் தாழ அவற்றின் பலம் குறையும். முன்பு அடங்கியிருந்த அதே பிசகு இப்போது கேமராவரை வந்துவிடுகிறது. ஆகவே புதிய இறக்கைகளை இழையில் தொங்கவிட்டுச் சமன் பார்த்து, கனமான பக்கத்துக்கு எதிரே சிறு டேப் துண்டு ஒட்டுவதே முதல் வேலை. அதன் பிறகும் அலை இருந்தால், கிம்பல் கனத்திருப்பதால் நசுங்கிக் கிடக்கும் பந்துகளை மாற்றவேண்டும். முழுக்க நசுங்கிய பந்து கல்லுக்குச் சமம்.

320 கேவி மோட்டார்களும் 17×5.8-உம் மாட்டி, பேட்டரியைப் பின்னே தள்ளி, திருகிய இரண்டாம் கையை நேராக்கியபின் என் வாகனத்தின் லாக் இப்படி நின்றது: தொடக்கத்தில் ThO 0.45, பன்னிரண்டாம் நிமிடத்தில் 0.50, முன், பின் மோட்டார்களின் கட்டளைகள் ஒன்றுக்கொன்று 20-க்குள். எஸ்900-இன் 1000 வாட்டை எடைக்கேற்ப உயர்த்திப் பார்த்தால், பழைய அமைப்பு 8.6 கிலோவுக்குச் சுமார் 1420 வாட் கேட்டிருக்கும், புதியது 8.8 கிலோவுக்கு 1300 வாட்டில் நின்றது. இரண்டு 10,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரிகளில் எண்பது விழுக்காட்டைப் பயன்படுத்தினால் பதினைந்து நிமிடம் பதினாறாகிறது. ஒரு நிமிடத்துக்காக யாரும் ஆறு மோட்டார் வாங்கமாட்டார்கள். 21 வோல்ட்டிலும் விகிதம் 2-ஐ ஒட்டி நிற்பதற்காகத்தான் வாங்கினேன்.